பட்டியலில் இல்லாத மாத்திரை

தொண்ணூறுகளின் நடுவில் நான் தாமிரபரணிக் கரையில் இருந்த ஒரு மாவட்ட மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஊரில் பாதி வீடுகளில் பீடி சுற்றுவார்கள். மீதிப் பாதி வயலையும் வளைகுடா நாட்டையும் நம்பி இருந்தது. பெண்கள் மருத்துவ வார்டில் நான் வேலை பார்த்த மூன்று வருஷத்தில், அரளி விதையை அரைத்துக் குடித்துவிட்டு வந்தவர்கள் இல்லாத வாரம் என் நினைவில் இல்லை. குழாய் விட்டு வயிற்றைக் கழுவுவோம். நாடித்துடிப்பு இறங்குகிறதா என்று கால் மணிக்கொரு தரம் பார்ப்போம். பிழைத்துவிட்டால் மூன்றாம் நாள் போலீஸ் ஏட்டையா வந்து வாக்குமூலம் எழுதுவார். "தீராத வயிற்று வலி" என்று எழுதுவார். தற்கொலை முயற்சி என்று வழக்காகிவிடக் கூடாதே என்ற இரக்கத்தில்தான் அப்படி எழுதினார். நாங்களும் தலையாட்டுவோம். அந்தப் பெண் தலையை வாரிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். ஏன் குடித்தாய் என்று அந்த மூன்று நாளில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டோம்.

அப்படி ஒரு நாளில்தான் மருத்துவக் கல்லூரியிலிருந்து மனநல மருத்துவப் பேராசிரியர் ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். மதுரைப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அறையில் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்:

"மனச்சோர்வுக்கு மருந்து இருக்கு. குணமாகும், அதுல சந்தேகமில்லை. குணமாகுற நோய்க்கு இந்த ஆஸ்பத்திரியில ஏன் ஒருத்தருக்கும் வைத்தியம் நடக்கல? எனக்கு அதுதான் தெரியணும்."

மருந்தைச் சோதிக்கும் ஆராய்ச்சி வேறு, தெரிந்த வைத்தியத்தை ஓர் இடத்தில் எப்படி நிலைக்க வைப்பது என்று பார்க்கும் ஆராய்ச்சி வேறு என்றார். இரண்டாவதற்கு ஒரு வருஷப் பணம் கிடைத்திருக்கிறது. அதற்கு ஒரு நர்ஸ் வேண்டும். கண்காணிப்பாளர் என்னைக் காட்டினார். வேறு யாரும் கையைத் தூக்கவில்லை என்பதைத் தவிர அதற்குக் காரணம் கிடையாது.

அவர் எனக்குக் கொடுத்த முதல் வேலை, ஒரு நோயாளியின் பின்னால் நடப்பது. "உங்க கையில கடிகாரம் இருக்கில்ல? அவங்க வாசலுக்குள்ள வந்ததுலேர்ந்து வெளிய போற வரைக்கும் எங்க நிக்கிறாங்க, யார் என்ன கேட்கிறாங்க, எல்லாத்தையும் எழுதுங்க. எதையும் திருத்த வேண்டாம்."

அன்று காலை சீட்டு வரிசையில் நின்ற ஒரு பெண்ணிடம் அனுமதி கேட்டேன். முப்பது வயதுக்குள் இருக்கும். பீடி சுற்றுகிறவள். கணவன் சவூதியில். கறுப்புத் துப்பட்டியை முகவாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன உடம்புக்கு என்றேன்.

"நெஞ்செல்லாம் எரியுது சிஸ்டர். படபடன்னு வருது. ஒறக்கமே இல்ல. நாலஞ்சு மாசமா வந்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

சீட்டு வாங்க முக்கால் மணி நேரம். டாக்டர் அறை வாசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல். உள்ளே ஒன்றரை நிமிஷம். டாக்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் பின்னால் வரிசை மரத்தடி வரை நீண்டிருந்தது. வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை, சத்து ஊசி. அப்புறம் ஊசி வரிசை, மருந்து வரிசை. மருந்தகத்தில் மூன்று நாளுக்கு மாத்திரை. வெளிநோயாளிக்கு மூன்று நாளுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது விதி. அவள் கையில் இருந்த பழைய சீட்டுகளையும் வாங்கிப் பார்த்தேன். ஈசிஜி எடுத்திருந்தார்கள். ரத்தம் பார்த்திருந்தார்கள். ஒவ்வொரு சீட்டிலும் வயிற்றெரிச்சல் மாத்திரையும் சத்து மாத்திரையும். வேறு ஒன்றுமில்லை.

வாசலில் அவளை மறித்து, வீட்டில் என்ன சங்கடம் என்று கேட்டேன். அழவில்லை. "என் புள்ள வந்து மடியில உக்காந்தா ஏந்தான் வந்தானோன்னு இருக்கு சிஸ்டர். பெத்தவளுக்கு அப்படித் தோணலாமா?" என்றாள். அப்புறம் பஸ் வந்துவிட்டது என்று ஓடினாள்.

அதை எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். பேராசிரியர் இரண்டு முறை படித்தார். பிறகு இருவருமாக ஒவ்வோர் ஆளிடமும் போனோம். என்ன தடை, எது துணை, இரண்டையும் கேட்டு எழுத வேண்டும். யாரையும் குறை சொல்லக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பு.

பெரிய டாக்டர், அதாவது பொது மருத்துவத் தலைவர், எங்களை உட்காரச் சொல்லவே இல்லை. உள்ளூர்க்காரர். நல்ல வைத்தியர், கோபமும் அதே அளவு உண்டு.

"வே, வெளிய எட்டிப் பாரும். அத்தன பேர்கிட்டயும் மனசு எப்படி இருக்குன்னு கேட்டுக்கிட்டு உக்காந்தா, மூச்சு வாங்கிக்கிட்டு நிக்குதவன யாரு பாப்பா? கவல இல்லாதவன் இந்த ஊர்ல எவன் இருக்கான்? அதெல்லாம் வியாதியா வே?"

நர்ஸ்கள் பயந்தார்கள். சாகணும் என்று தோன்றுகிறதா என்று கேட்டால், இல்லாத நினைப்பை நாமே ஏற்றிவிட்ட மாதிரி ஆகாதா? ஆகாது, கேட்டால் பாரம்தான் இறங்கும் என்று பேராசிரியர் சொன்னார். நாங்கள் நம்பவில்லை. மருந்தாளுநர் அண்ணாச்சி தன் தடையை நேராகச் சொன்னார்: "மூணு நாளுக்கு மேல குடுத்தா தணிக்கையில என் கழுத்தப் புடிப்பான். உங்க மாத்திர வேல செய்யவே ரெண்டு மூணு வாரம் ஆகும்னு சொல்லுதீய. மூணு நாளைக்கொருக்கா அந்தப் பொம்பள பீடிய விட்டுட்டு எப்படி வருவா?"

மனநோய்ப் பிரிவு என்று பலகை போட்ட ஓர் அறை பின்கட்டில் இருந்தது. பேராசிரியர் வந்த புதிதில் நோயாளிகளைப் பார்க்க அங்கேதான் உட்கார்ந்தார். அந்தப் பலகையின் கீழ் நிற்க ஒருவரும் தயாரில்லை. யாராவது பார்த்தால் தங்கச்சிக்கு மாப்பிள்ளை கிடைக்காது.

எல்லாவற்றையும் ஒரு பெரிய காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். இடது பக்கம் தடைகள். வலது பக்கம் துணைகள். அதில் மூன்று வரிதான் இருந்தது. கண்காணிப்பாளர் சரி என்கிறார். அண்ணாச்சிக்கு மனம் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் பிரஷர் பார்க்க எப்படியும் ஒரு நாற்காலியில் உட்காருகிறார்கள்.

அந்த மூன்றாவது வரியில்தான் தொடங்கினோம். பலகையைக் கழற்றினோம். டாக்டர் அறைக்கு வெளியே பிரஷர் பார்க்கும் நாற்காலிப் பக்கம் நான் உட்கார்ந்தேன். பட்டையைக் கையில் சுற்றும்போதே கேட்பது. கேள்விகளை அமைக்க ஒரு மாதம் பிடித்தது. புத்தகத்தில் இருந்த "மன அழுத்தம்" யாருக்கும் விளங்கவில்லை. பிரஷர்தானே, அதைத்தானே பார்க்கிறீர்கள் என்றார்கள். கவலையாக இருக்கிறதா என்றால் எல்லோருமே ஆமாம் என்றார்கள். கடைசியில், வந்தவர்கள் வாயிலிருந்தே எடுத்துக்கொண்டோம். "ஒறக்கம் எப்படி இருக்கு? ரெண்டு வாரமா மனசு செத்துப்போன மாதிரி கெடக்கா? முன்ன ஆசையாச் செஞ்சதுல இப்ப மனசு போவ மாட்டேங்குதா?" பின்னிரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் சீட்டின் மூலையில் ஒரு சின்னப் புள்ளி வைப்பேன். டாக்டர் அந்தப் புள்ளியைப் பார்த்தால் மட்டும் ஒரு பக்கத் தாளை எடுத்து, மற்றதைக் கேட்க வேண்டும். பசி, களைப்பு, குற்ற உணர்வு, சாகும் நினைப்பு. இதற்கு முன் எப்போதாவது அளவுக்கு மீறிக் குதூகலமாக, உறக்கமே வேண்டாமல் திரிந்தது உண்டா. இதய நோய் உண்டா. மாத்திரை இரவில் ஒன்று. அளவை மெல்லக் கூட்ட வேண்டும். அளவுக்கு மேல் விழுங்கினால் அதே மாத்திரை ஆளைக் கொன்றுவிடும் என்பதால் ஒரு வாரத்துக்கு மேல் கையில் கொடுக்கக் கூடாது. மூன்று நாள் விதிக்கும் இந்த ஒரு வாரத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியைக் கண்காணிப்பாளர் ஓர் எழுத்து உத்தரவால் மூடினார். அண்ணாச்சி அந்த உத்தரவை ஜன்னல் பக்கம் ஒட்டி வைத்துக்கொண்டார்.

பெரிய டாக்டரை மடக்கியது பேச்சல்ல. பேராசிரியர், அவர் எழுதிய பழைய சீட்டுகளுக்கு மருந்தகத்தில் இருந்த நகல்களில் ஒரு கட்டை எடுத்து, வயிற்றெரிச்சலுக்கும் படபடப்புக்கும் திரும்பத் திரும்ப வந்தவர்களைத் தனியே பிரித்து மேஜையில் வைத்தார். "இவங்க உங்க நேரத்த எத்தனை தடவை எடுத்திருக்காங்க பாருங்க, சார்." பெரிய டாக்டர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பீடிக்காரப் பெண்ணின் சீட்டுகளும் அதில் இருந்தன.  "அவ வந்தா எங்கிட்ட அனுப்பும்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் அவள் வந்தாள். கேள்விகளை நான்தான் கேட்டேன். சாகும் நினைப்பு உண்டா என்பதை மட்டும் பெரிய டாக்டர் கேட்டார். அதைக் கேட்க எனக்கு இன்னும் பயம். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, "கொல்லையில அரளி நிக்குது டாக்டர். தெனமும் அதப் பாத்துட்டுத்தான் பல்லு வெளக்குதேன்" என்றாள். பெரிய டாக்டர் பேனாவை மூடி வைத்தார். அன்று அவளுக்குக் கால் மணி நேரம் கொடுத்தார். அவளைப் பெற்ற உம்மாவை வரச்சொல்லி, மாத்திரையை அவர் கையில்தான் கொடுத்தோம். வாய் உலரும், மலச்சிக்கல் வரும், முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாது, நிறுத்திவிடக் கூடாது என்று மூன்று முறை சொன்னோம். கொல்லையில் நிற்கும் அரளியை வெட்டச் சொன்னோம்.

வாராவாரம் வர வேண்டியவர்களுக்கு ஒரு நோட்டு. வராதவர்கள் ஊருக்குக் கிராம சுகாதார நர்ஸ் போகும்போது, பிரஷர் பார்க்க வரச்சொன்னார்கள் என்று மட்டும் சொல்வார். சனிக்கிழமை அரை மணி நேரம் உட்கார்ந்து, யாரிடம் கேட்டோம், யாரை விட்டோம், ஏன் விட்டோம் என்று பார்ப்போம். ஏச்சு கிடையாது. விட்டதற்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும். அதை அடுத்த வாரம் சரிசெய்வோம். எங்களுக்கு ஓர் உற்சாகம் வந்திருந்தது. ஐந்தாவது வாரம் அவள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது துப்பட்டி முகவாயை விட்டு இறங்கியிருந்தது. "நேத்து என் புள்ளைக்கு மீன் ஆணம் காய்ச்சி, சோத்துல பெசஞ்சு ஊட்டுனேன் சிஸ்டர். நானும் தின்னேன்" என்றாள். அந்த வாரம் வேறு எதுவும் எனக்கு நினைவில்லை.

ஒரு வருஷம் முடிந்தது. பேராசிரியரின் பணம் முடிந்தது. அவர் கல்லூரிக்குத் திரும்பினார்; மாதம் ஒரு முறை வருவார். கண்காணிப்பாளர் மாற்றலாகிப் போனார். புதியவர் கெட்டவரல்லர்; அவருக்குக் காலரா பயம், கட்டிட வேலை, ஆயிரம் சோலி. சனிக்கிழமைக் கூட்டம் மாதம் ஒன்றானது. பிறகு எப்போதாவது. பணிச் சுற்றில் என்னைப் பிரசவ வார்டுக்கு மாற்றினார்கள். என் நாற்காலிக்கு வந்த சிஸ்டருக்கு நான் ஒரு மத்தியானம் சொல்லிக் கொடுத்தேன். அவர் கேள்விகளைக் கேட்டார். பட்டையைச் சுற்றுவதுபோலவே கேட்டார். புள்ளிகள் குறைந்தன.

மாத்திரைதான் பெரிய ஓட்டை. பேராசிரியரின் திட்டப் பணத்தில் வாங்கிய மாத்திரைகளைத்தான் நாங்கள் கொடுத்துவந்தோம். மருத்துவமனையின் வருடாந்திர மருந்துப் பட்டியலில் அது இல்லை. இந்த விஷயம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. சுவரில் ஒட்டிய காகிதத்தில் இடது பக்கம், ஆறாவது வரி, என் கையெழுத்தில்: மருந்துப் பட்டியலில் சேர்க்க வேண்டும். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், பிறகு. பட்டியல் அனுப்பும் மாதம் வந்தபோது யாருக்கும் அது நினைவில்லை. எழுத வேண்டியது யார் வேலை என்று நாங்கள் முடிவு செய்திருக்கவே இல்லை.

இருப்பு தீர்ந்தது. வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். பாதிப் பேர் அதோடு நின்றார்கள்.

பிரசவ வார்டுக்கும் சமையற்கட்டுக்கும் நடுவில் இருந்த நடையில் ஒரு நாள் காலை அவளைப் பார்த்தேன். பனிக்குடம் உடைந்த ஒரு பெண்ணுக்காக நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

"சிஸ்டர், போன வாரமும் இல்லன்னுட்டாவ. இந்த வாரமும் இல்லையாம்."

"வந்துரும். அடுத்த வாரம் வாங்க."

"உம்மாவும் அக்கா ஊட்டுக்குப் போயிட்டாவ" என்றாள். அதற்கு நான் நிற்கவில்லை. நின்றிருந்தால் ஒறக்கம் எப்படி என்று கேட்டிருப்பேன். அந்தக் கேள்வியை எத்தனையோ பேரிடம் கேட்டவள் நான். அன்று என் மேஜை வேறு, என் நோட்டு வேறு. அது என் வேலையாக இல்லை. "பைய வாங்க, நான் அண்ணாச்சிகிட்ட சொல்லுதேன்" என்று திரும்பிப் பார்க்காமல் சொல்லிவிட்டு உள்ளே போனேன். அண்ணாச்சியிடம் சொல்லவுமில்லை.

பதினைந்து நாள் கழித்து, வெள்ளிக்கிழமை நண்பகலில், அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் கொல்லையில் அரளியை வெட்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டில் நின்றது. எனக்குச் செய்தி சொல்லி நான் போவதற்குள் நாடி முப்பத்தைந்துக்கு இறங்கியிருந்தது. பெரிய டாக்டர் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்து, அவள் தலைமாட்டிலேயே நின்றார். கையில் இருந்த மருந்தையெல்லாம் ஏற்றினார். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னபோது அவள் இல்லை. அவள் தம்பி நடையில் உட்கார்ந்து, சவூதிக்கு எப்படிச் சொல்வது என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

நான் அன்று மாலை பெரிய டாக்டரிடம் போய், நடையில் நடந்ததைச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன்.

"நீங்க மட்டுமா வுட்டீய? மாத்திர இல்லன்னு சீட்டுல எழுதுனது என் கைதான். எழுதிட்டு அடுத்த ஆளக் கூப்புட்டேன்" என்றார்.  

பேராசிரியர் அடுத்த வாரம் வந்தார். பழைய காகிதத்தை அலமாரியிலிருந்து எடுத்து மேஜையில் விரித்தோம். அவர் விரல் ஆறாவது வரியில் நின்றது. "இது என் தப்பு. ஆள் மாறினா விழுந்துபோற ஏற்பாட்டை நான் போட்டுக் கொடுத்திருக்கேன்" என்றார். நானும் என்னைத்தான் சொன்னேன். யார் பெரிய குற்றவாளி என்பதில் ஒரு போட்டியே நடந்தது. அதில் ஒரு சுகம் இருந்ததை இப்போது வெட்கத்தோடு நினைத்துக்கொள்கிறேன். அண்ணாச்சிதான் அதை உடைத்தார்.

"யாரு தப்புன்னு பொறவு பேசுங்க. பட்டியல யாரு எழுதப் போறா? ஒரு ஆளச் சொல்லுங்க."

பெரிய டாக்டர் எழுதினார். மனநோய் மருந்து என்று தனித் தலைப்பில் கேட்டால் மேலே வெட்டிவிடுவார்கள் என்று, பொது மருத்துவத்தின் கீழ் தன் பெயரில் எழுதினார். இருப்பு ஒரு மாத அளவுக்குக் கீழே போனால் மருந்தகமே அவருக்குச் சீட்டு அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. கேள்வி கேட்பது ஒரு நர்ஸின் பொறுப்பாக இருந்தது போய், அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் செய்ய வேண்டிய வேலை என்று பணிப் புத்தகத்தில் ஏறியது. புதிதாக வருகிறவர் ஒரு வாரம் பழையவர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். அரளி குடித்துப் பிழைத்தவர்களைப் பேசாமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதையும் அதிலேயே சேர்த்தோம். மாத்திரை அடுத்த நிதியாண்டில்தான் வந்தது. நடுவில் கழிந்த மாதங்களில் இன்னும் யார் யார் நின்றுபோனார்கள் என்று நோட்டைப் பார்த்தால் தெரிந்திருக்கும். பார்க்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

அடுத்த சுற்றில் நான் மறுபடி நாற்காலிக்கு வந்தேன். ஒரு நாள் அவளுடைய உம்மா வந்து உட்கார்ந்தார். கை காய்ந்த விறகு மாதிரி இருந்தது. பட்டை இரண்டு சுற்று அதிகம் சுற்றியது. என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. நான் எதுவும் கேட்காமல் சீட்டை எழுதி அனுப்பிவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் கேட்டேன்.

"ஒறக்கம் எப்படி இருக்கும்மா?"

அவர் என்னையே பார்த்தார். "எங்கன வரும் சிஸ்டர்?"

மற்ற கேள்விகளையும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். மூலையில் புள்ளி வைத்தேன். பெரிய டாக்டர் எழுந்து நின்று அவரை உட்கார வைத்தார். ஒரு வாரத்து மாத்திரையை மடித்துக் கொடுத்தபோது, "இது இப்ப இருக்காக்கும்" என்றார் உம்மா. அதில் கோபம் இருந்ததாகச் சொல்ல முடியாது. நான் அடுத்த வாரத் தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். 

நான்கு வாரம் வந்தார். ஐந்தாவது வாரம் வரவில்லை. கிராம சுகாதார நர்ஸ் போய்ப் பார்த்தபோது வீடு பூட்டியிருந்தது. பேரனைக் கூட்டிக்கொண்டு மூத்த மகள் இருக்கும் ஏரலுக்குப் போய்விட்டார் என்று பக்கத்தில் சொன்னார்கள். ஏரலில் எங்களைப் போல் கேட்கிறவர்கள் அப்போது யாரும் இல்லை. நோட்டில் அவர் பெயருக்கு நேரே "ஊர் மாறிவிட்டார்" என்று எழுதி, அடுத்த வரிக்குப் போனேன்.